சுடர் எரிந்தால் மட்டும் போதுமா?

(பாடக் காணொளி தயாரிக்கும் ஆசிரியர்களுக்கான பயிற்சியில் ஆற்றிய உரை)



பிளெண்டர் மென்பொருளில் உருவாக்கிய ஒரு காட்சியில் மெழுகுவத்தி ஒன்றைச் சேர்த்தால், அது தன்னைச் சுற்றியுள்ள பொருள்களுக்கு உண்மையாகவே ஒளி தரும்படி செய்வது எப்படி? இன்று இதைப் பற்றி மட்டும் பேசப் போகிறேன். நான் செய்த ஒரு தவறிலிருந்து தொடங்குகிறேன்.

ஒளி பற்றிய பாடத்துக்காக ஒரு சிறு காணொளி தயாரித்தேன். மின்வெட்டு இரவில் ஒரு சிறுமி மேசையில் மெழுகுவத்தி ஏற்றி வைத்துப் படிக்கிறாள். அவ்வளவுதான் காட்சி. எட்டாம் வகுப்பில் அதைத் திரையிட்டேன். அரை நிமிடம்கூட ஆகியிருக்காது. கடைசி பெஞ்சிலிருந்து ஒரு மாணவன் எழுந்து, "டீச்சர், மெழுகுவத்தி எரியுது. ஆனா வெளிச்சம் அதுல இருந்து வரலையே!" என்றான். வகுப்பே சிரித்தது. அவன் சொன்னது சரி. சிறுமியின் முகத்தில் மஞ்சள் ஒளி இல்லை. சுவரில் நிழல் இல்லை. அறை முழுவதும் ஒரே அளவு வெளிச்சம். ஒளியைப் பற்றிய பாடத்தில் ஒளியே பொய்யாக இருந்தது.

அன்று மாலை கணினி முன் அமர்ந்தேன். நான் சுடரின் உருவத்தைச் செய்து, அதற்கு Emission என்னும் ஒளிரும் தன்மையைக் கொடுத்திருந்தேன். அதனால் சுடர் பளிச்சென்று தெரிந்தது. ஆனால் நான் பயன்படுத்திய Eevee முறையில், ஒளிரும் பரப்பு மற்ற பொருள்களுக்கு ஒழுங்காக ஒளி தருவதில்லை. ஒரு பொருள் பிரகாசமாகத் தெரிவது வேறு, அது பிறவற்றுக்கு ஒளி தருவது வேறு. எனவே சுடர் இருக்கும் இடத்தில் ஓர் ஒளிமூலத்தைத் தனியாக வைக்க வேண்டும். Shift+A அழுத்தி Light, பிறகு Point என்று தேர்ந்தெடுத்தால் அது கிடைக்கும். Render Engine என்னும் இடத்தில் Cycles முறையைத் தேர்ந்தெடுத்துக்கொண்டேன். ஒளியின் போக்கைக் கணக்கிட்டுப் படம் வரைவது அந்த முறைதான்.

இப்படி வைத்ததும் படம் முன்பைவிட இருண்டுவிட்டது! காரணம் எளிது. ஒளிமூலம் சுடரின் உருவத்துக்கு உள்ளே மாட்டிக்கொண்டது. சுடரே ஒளியை மறைத்து நின்றது. சுடரைத் தேர்ந்தெடுத்து, Object Properties பகுதியில் Visibility, அதற்குள் Ray Visibility சென்று, Shadow என்னும் குறியை எடுத்துவிட்டேன். சுடர் நிழல் விழச் செய்வது நின்றது. ஒளி வெளியே வந்தது.

அடுத்து, ஏற்கெனவே இருந்த வெளிச்சத்தைக் குறைத்தேன். பிளெண்டரைத் திறந்ததும் காட்சியில் ஒரு விளக்கு தயாராக இருக்கும். அதை நீக்க வேண்டும். World பகுதியில் பின்னணிக்கு மிக மங்கலான நீலத்தைக் கொடுத்தேன். பட்டப்பகலில் ஏற்றிய மெழுகுவத்தி எதற்கு ஒளி தருகிறது என்று நமக்குத் தெரியாதல்லவா? அதுபோலத்தான் இதுவும்.

இதன் பிறகுதான் பெரிய சிக்கல் வந்தது. புத்தகம் அழகாக ஒளிர்ந்தது. ஆனால் பின்சுவர் கருமையாகவே நின்றது. சுவர் தெரியும்வரை Power அளவை ஏற்றிக்கொண்டே போனேன். சுவர் லேசாகத் தெரியத் தொடங்கியபோது புத்தகத்தின் பக்கம் வெள்ளை வெளேரென்று ஆகி, எழுத்துகள் மறைந்துவிட்டன.

இந்த இடத்தில் நாம் நன்கு அறிந்த ஓர் இயற்பியல் விதியை நினைவுகூர வேண்டும். புள்ளி போன்ற ஒளிமூலத்திலிருந்து தொலைவு இரண்டு மடங்கானால் ஒளிச்செறிவு நான்கில் ஒரு பங்காகும். மூன்று மடங்கானால் ஒன்பதில் ஒரு பங்காகும். தொலைவின் வர்க்கத்துக்கு எதிர்விகிதம். சாதாரண மெழுகுவத்தி ஒன்று 1 மீட்டர் தொலைவில் ஏறத்தாழ 1 லக்ஸ் ஒளி தரும். அதே மெழுகுவத்தி 20 சென்டிமீட்டரில் 25 லக்ஸ் தரும். பிளெண்டரில் உள்ள Point ஒளியும் இதே விதிப்படிதான் குறைகிறது.

என் காட்சியில் புத்தகம் சுடரிலிருந்து 20 சென்டிமீட்டரில் இருந்தது. சுவர் 1 மீட்டரில் இருப்பதாக நினைத்திருந்தேன். அப்படியானால் புத்தகத்துக்கும் சுவருக்கும் 25-க்கு 1 என்ற விகிதம்தான் வர வேண்டும். சுவர் அவ்வளவு கருமையாக இருக்கக் கூடாது. சந்தேகம் வந்து N விசையை அழுத்தி, Dimensions என்னும் இடத்தில் அளவுகளைப் பார்த்தேன். மேசையும் புத்தகமும் நான் செய்தவை. அளவு சரியாக இருந்தது. அறையோ வேறு ஒருவர் செய்ததை இறக்கிச் சேர்த்தது. அதன் சன்னல் 6 மீட்டர் உயரம் இருந்தது! அறை முழுவதும் ஐந்து மடங்கு பெரியது. சுவர் 1 மீட்டரில் அல்ல, 5 மீட்டரில் நின்றது.

இது எனக்கு ஏன் முன்பே தெரியவில்லை? ஐந்து மடங்கு பெரிய சன்னல் ஐந்து மடங்கு தொலைவில் இருந்தால், கேமராவுக்கு அது சரியான சன்னலைப் போலவே தெரியும். கண்ணை ஏமாற்றலாம், ஒளியை ஏமாற்ற முடியாது. 20 சென்டிமீட்டருக்கும் 5 மீட்டருக்கும் இடையே 25 மடங்கு. அதன் வர்க்கம் 625. புத்தகத்தில் விழும் ஒளியில் 625-இல் ஒரு பங்குதான் சுவருக்குப் போனது. எவ்வளவு Power கொடுத்தாலும் இந்த விகிதம் மாறாது. இரண்டும் சேர்ந்தே ஏறும், சேர்ந்தே இறங்கும்.

அறையைத் தேர்ந்தெடுத்து S, 0.2, Enter என்று அழுத்தி ஐந்தில் ஒரு பங்காகச் சுருக்கினேன். சுவரை மேசைக்குப் பின்னால் 1 மீட்டரில் கொண்டுவந்து நிறுத்தினேன். விகிதம் 25-க்கு 1 ஆனது. அதுவும் படத்துக்குச் சற்று அதிகம்தான். எனவே மெழுகுவத்தியைப் புத்தகத்திலிருந்து 40 சென்டிமீட்டருக்குத் தள்ளினேன். மேசையையும் சுவர்ப் பக்கம் நகர்த்தினேன். சுடரிலிருந்து சுவர் 80 சென்டிமீட்டர். இப்போது தொலைவு இரண்டு மடங்கு. விகிதம் 4-க்கு 1. புத்தகத்துக்கான தொலைவு இரட்டித்ததால், முன்பு 1 வாட் போதுமாக இருந்த இடத்தில் 4 வாட் கொடுத்தேன். புத்தகம் பழைய வெளிச்சத்திலேயே இருந்தது. சுவரும் மெல்லத் தெரிந்தது. சுவரின் மேல் மூலை இருட்டில் கரைந்தது. விளக்கின் Power அளவைத் தொடுவதற்கு முன் தொலைவுகளை அளந்து பாருங்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

இனி நிறம். மெழுகுவத்திச் சுடரின் நிற வெப்பநிலை ஏறத்தாழ 1,900 கெல்வின். விளக்குக்கு Use Nodes கொடுத்து, Blackbody என்னும் கட்டத்தை Emission-இன் Color-உடன் இணைத்தால், கெல்வினில் எண் கொடுக்கலாம். 1900 என்று கொடுத்தேன். காட்சி முழுவதும் கடும் ஆரஞ்சாகிவிட்டது. சிறுமியின் நீலப் பாவாடை கருப்பாகத் தெரிந்தது.

பாவாடை கருப்பானது கணினியின் பிழை அன்று. நீலத் துணி நீல ஒளியை மட்டுமே பெருமளவு எதிரொளிக்கும். சுடரின் ஒளியில் நீலம் மிகக் குறைவு. எதிரொளிக்க ஒன்றும் இல்லாதபோது துணி கருப்பாகத்தானே தெரியும்? அதே ஒளியில் வெள்ளைத் தாள் ஆரஞ்சாகிறது, சிவப்பு ரிப்பன் எடுப்பாகத் தெரிகிறது. சிலர் படம் முடிந்த பிறகு அதன் மேல் ஆரஞ்சு நிறத்தை ஒரே சீராகப் பூசுகிறார்கள். அப்போது நீலமும் கருப்பும்கூட ஆரஞ்சாகிவிடும். அது விளக்கின் ஒளி போலத் தெரியாது. படம் எதனால் பொய்யாகத் தெரிகிறது என்பதை நீலத் துணியைப் பார்த்தே கண்டுபிடித்துவிடலாம்.

ஆனால் நம் கண் மெழுகுவத்தி வெளிச்சத்துக்குப் பழகிக்கொள்ளும். அதனால் நேரில் பார்க்கும்போது அவ்வளவு ஆரஞ்சாகத் தோன்றுவதில்லை. நான் 2400 என்று மாற்றினேன். World-இல் கொடுத்திருந்த மங்கலான நீலம் பாவாடைக்குக் கொஞ்சம் நிறத்தைத் திருப்பித் தந்தது. சுடருக்கு அருகே இளஞ்சூடான நிறம், தள்ளிப் போகப் போக நீலம் கலந்த இருட்டு. இரவு என்று பார்த்தவுடன் தெரிந்தது.

கடைசியாக நிழல். 'விளக்கின் அடி இருட்டு' என்பார்கள். அந்த இருட்டு படத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் விளக்கின் Radius பெரிதாக இருக்கலாம். பெரிய ஒளிமூலம் டியூப்லைட்டைப் போல நிழல்களைக் கலைத்துவிடும். சுடரின் பருமனுக்கு ஏற்ப 0.01 மீட்டர் கொடுத்தேன். மெழுகுவத்தியின் அடியில் நிழல் வந்தது. சிறுமியின் நிழலும் சுவரில் பெரிதாக விழுந்தது.

இத்தனையும் செய்த பிறகு, படத்தைக் காட்டுவதற்கு முன் வகுப்பில் ஒரு சோதனை செய்தேன். ஓர் அட்டையில் 5 சென்டிமீட்டர் பக்கமுள்ள சதுரத் துளை வெட்டினோம். சன்னல்களைச் சாத்தி, மெழுகுவத்தி ஏற்றி, அட்டையை 20 சென்டிமீட்டரில் நிறுத்தினோம். சுடரிலிருந்து 40 சென்டிமீட்டரில் ஒரு வெள்ளைத் தாள். தாளில் விழுந்த ஒளிச்சதுரத்தின் பக்கம் ஏறத்தாழ 10 சென்டிமீட்டர். ஓரம் கொஞ்சம் மங்கலாக இருக்கும். சுடர் ஒரு புள்ளி அல்லவே. தாளை 60 சென்டிமீட்டருக்குத் தள்ளினால் பக்கம் 15. அதே அளவு ஒளி முதலில் நான்கு துளைகளின் பரப்பிலும், பிறகு ஒன்பது துளைகளின் பரப்பிலும் பரவுகிறது. வர்க்கம் எங்கிருந்து வருகிறது என்பதை மாணவர்கள் ஸ்கேல் வைத்து அளந்தே கண்டுகொண்டார்கள். பெரியவர் ஒருவர் அருகில் இருந்து, முடியையும் துணியையும் சுடரிலிருந்து விலக்கி வைத்தே இதைச் செய்ய வேண்டும்.

பிறகு புதிய காணொளியைப் போட்டேன். அதே மாணவன் எழுந்தான். இந்த முறை குறை சொல்லவில்லை, கேள்வி கேட்டான். "டீச்சர், மெழுகுவத்தியப் புத்தகத்துக்கிட்ட பாதி தூரத்துக்குக் கொண்டு போனா, புத்தகம் நாலு மடங்கு வெளிச்சமாகும்ல? அப்போ சுவரு?" என்றான். நான் பதில் சொல்லவில்லை. கணினியில் மெழுகுவத்தியை அவனையே நகர்த்திப் பார்க்கச் சொன்னேன்.