மூன்று தலைமுறைக்கு இரண்டு அறைகள்

தஞ்சைப் பக்கத்துப் பழைய வீடுகளில் கதவடைத்த அறைகள் மிகக் குறைவு. ஆயினும் முதியவருக்குத் திண்ணை இருந்தது. இளந்தம்பதிகளுக்குக் காமிரா உள் இருந்தது. பெண்டிர் கூடிப் பேசக் கொல்லைத் தாழ்வாரம் இருந்தது. வாசலிலிருந்து கொல்லை வரை நீண்ட வீட்டின் தூரமே ஒவ்வொருவருக்கும் ஒதுக்கிடத்தை அளித்தது. தில்லியில் இரண்டு படுக்கையறையும் ஒரு கூடமும் கொண்ட மாடிக் குடியிருப்பில் அந்தத் தூரம் இல்லை. சாமான்களை வைக்கும் முறையாலும் வேளைகளைப் பங்கிடுவதாலும் அதை நாமே உண்டாக்கிக்கொள்ள வேண்டும்.

ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். கணவன், மனைவி, 15 வயது மகன். இவர்களோடு 72 வயதான பாட்டி கும்பகோணத்திலிருந்து வந்து சேர்கிறார். பெரும்பாலான வீடுகளில் பாட்டிக்குக் கூடத்திலுள்ள திவானைக் கொடுத்துவிடுகிறோம். காற்றோட்டமான இடம், எல்லோருடனும் இருக்கலாம் என்பது நமது எண்ணம். ஆனால் கூடம் என்பது வழி. ஒன்பது மணிக்கு உறங்க விரும்புகிறவர், தொலைக்காட்சி ஓய்ந்து, விருந்தினர் எழுந்து, கடைசி விளக்கு அணையும் வரை காத்திருக்க நேர்கிறது. அவர் வாய்விட்டுக் குறை சொல்லமாட்டார். பகலில் அடிக்கடி கண்ணயர்வது, புடவைகளை இன்னும் பெட்டியிலிருந்து எடுக்காதிருப்பது, வேலையில்லாத போதும் சமையலறை முக்காலியிலேயே உட்கார்ந்திருப்பது ஆகியவற்றைக் கண்டால், அவருக்கென்று இடமில்லை என்று நாம் அறிந்துகொள்ளலாம்.

ஆகவே குளியலறைக்கு மிக அருகிலுள்ள படுக்கையறை பாட்டியினுடையதாகட்டும். கட்டிலில் உட்கார்ந்தால் இரு பாதங்களும் தரையில் முழுவதும் படிய வேண்டும். சாதாரணமாக 18 அங்குல உயரம் போதும். கட்டிலிலிருந்து குளியலறை வரை இரவெல்லாம் ஒரு சிறு விளக்கு எரியட்டும். குளியலறைச் சுவரில் கையூன்றிக் கொள்ளக் கைப்பிடி தேவை. வெளியிலிருந்தும் திறக்கக்கூடிய தாழ்ப்பாளையே கதவுக்குப் பொருத்த வேண்டும். இயன்றால் கதவே வெளிப்புறமாகத் திறப்பது நலம். உள்ளே ஒருவர் விழுந்து கிடந்தால், உட்புறம் திறக்கும் கதவை அவருடைய உடலே தடுத்துவிடும்.

பேரனும் அந்த அறையிலேயேதான் இருந்தாக வேண்டும். இடையில் உயரமான பீரோவை நிறுத்துகிறவர்கள் உண்டு. அது ஒரு பாதிக்கு ஜன்னலையும் மறு பாதிக்கு மின்விசிறிக் காற்றையும் மறைத்துவிடும். அதற்குப் பதிலாக, விசிறியின் இறக்கைகளுக்கு நன்கு கீழே, ஏழடி உயரத்தில் ஒரு கம்பி கட்டித் தடித்த திரையைத் தொங்கவிடலாம். மேலே காற்று உலவும். பையனின் மேசை சுவரை நோக்கியிருக்கட்டும். மூடியுள்ள மேசை விளக்கு அவன் புத்தகத்தின்மேல் மட்டும் ஒளி வீசட்டும். இருவருக்கும் தனித்தனியே பூட்டுள்ள ஓர் அலமாரித் தட்டு வேண்டும். திரை வெளிச்சத்தை மறைக்குமேயன்றி ஒலியைத் தடுக்காது. எனவே உரக்கப் படிப்பதும் தொலைபேசியில் பேசுவதும் ஒன்பது மணிக்குமேல் கூடத்திற்கு மாற வேண்டும்.

தம்பதிகளின் அறைக்குக் கதவு இருந்தும் அது தனியறையாவதில்லை. காரணம், வீட்டார் அனைவருக்கும் வேண்டிய பொருள்கள் அங்கேயே இருப்பதுதான். இஸ்திரிப் பெட்டி, மருந்துகள், துவைத்த துணிகள், சில வீடுகளில் சுவாமி படங்கள்கூட அங்கே இருக்கும். இவற்றைக் கூடத்திலுள்ள ஒரு பொது அலமாரிக்கு மாற்றிவிட்டால், கதவைத் தட்ட வேண்டிய அவசியமே பெரும்பாலும் நீங்கிவிடும்.

கூடமும் பால்கனியும் அனைவருக்கும் பொது. தெற்கு நோக்கிய பால்கனியானால், மார்கழி, தை மாதக் குளிரில் முற்பகல் வெயில் பாட்டியின் உரிமை. கைப்பிடியுள்ள ஒரு நாற்காலியைத் தெரு தெரியும்படி போட்டுவிட்டால் அதுவே அவருக்குத் திண்ணை. மொழி தெரியாத ஊரில், போவோர் வருவோரைப் பார்த்திருப்பதும் ஒரு துணையே. மாலையில் அதே இடம் பேரனுக்கு. இரவு உணவுக்குப் பின் தம்பதிகளுக்கு.

இந்த ஏற்பாட்டிற்கு ஓர் எல்லை உண்டு. பாட்டி படுக்கையோடு கிடக்கும் நிலை வந்து, இரவிலும் பணிவிடை தேவைப்பட்டால், திரை போதாது. அப்பொழுது அறை முழுவதும் அவருக்கே, திவான் பேரனுக்கு. இளமைக்குக் கூடத்து உறக்கம் அவ்வளவு பாரமன்று. ஆனால் அவனுடைய மேசையும் பூட்டுள்ள தட்டும் அவனோடு கூடத்திற்கு வந்தாக வேண்டும்.