ஃபேஸ் யோகா: கன்னம் இளைக்குமா, உப்புமா?

போன எபிசோடுக்கு அப்புறம் நிறைய பேர் கேட்ட கேள்வி இது: "ஃபேஸ் யோகா பண்ணா கன்னம் குறைஞ்சு ஜாலைன் ஷார்ப் ஆகுமா?"

இதுல அடிக்கடி மேற்கோள் காட்டப்படுற ஆய்வு ஒண்ணு இருக்கு. அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்துல முராத் ஆலம் என்ற தோல் மருத்துவரின் குழு செஞ்சது. 2018-ல் ஜாமா டெர்மட்டாலஜி இதழில் வந்தது. 40 முதல் 65 வயது வரை உள்ள 27 பெண்கள் சேர்ந்தாங்க. முதல் 8 வாரம் தினமும் அரை மணி நேரம், அப்புறம் 20-வது வாரம் வரை ஒரு நாள் விட்டு ஒரு நாள். கூட்டிப் பாருங்க, கிட்டத்தட்ட 50 மணி நேரம்! கடைசி வரைக்கும் தாக்குப்பிடிச்சது 16 பேர்தான்.

பயிற்சி எப்படி இருந்துச்சு? ஒரு உதாரணம்: வாயை 'ஓ' மாதிரி திறந்து, மேல் உதட்டைப் பல் மேல மடக்கி, சிரிச்சுக் கன்னத்தை மேலே தூக்கணும். கன்னத்து மேல விரலை லேசா வச்சு, இறக்கி ஏத்தணும். திரும்பத் திரும்ப.

யாருடைய போட்டோ எப்போ எடுத்ததுன்னு தெரியாத ரெண்டு மருத்துவர்கள், முகத்தின் 20 அம்சங்களுக்கு மதிப்பெண் போட்டாங்க. தெளிவா மாறினது ரெண்டுதான்: மேல் கன்னம், கீழ் கன்னம். அந்தப் பட்டியல்ல ஜாலைனும் இருந்துச்சு, ஆனா தேறலை.

இப்போ முக்கியமான இடம். கன்னம் எப்படி மாறுச்சு? இளைக்கலைங்க, இன்னும் நிறைஞ்சுது! வயசாகும்போது கன்னத்துக் கொழுப்பு குறைஞ்சு கீழே சரியும். அடியில் இருக்கிற தசை பயிற்சியால தடிச்சு, அந்தப் பள்ளத்தை நிரப்பியிருக்கலாம்ங்கிறது ஆய்வாளர்களோட விளக்கம். 50 வயசுக்காரருக்கு இது இளமை. கன்னம் குறையணும்னு நினைக்கிற 22 வயசுக்காரருக்கு? கேட்டதுக்கு நேர் எதிர். முகத்துத் தசையை அசைச்சா அந்த இடத்துக் கொழுப்பு மட்டும் கரையும்னு இந்த ஆய்வு சொல்லவே இல்லை.

இதையும் அப்படியே நம்பிட முடியாது. பயிற்சி செய்யாத ஒப்பீட்டுக் குழுவே கிடையாது. பாதியில விட்டவங்க 11 பேர். பயிற்சியை உருவாக்கினவரே கட்டுரையாசிரியர்கள்ல ஒருத்தர். மதிப்பிட்டவங்க கண்ணுக்குச் சராசரி வயசு 50.8-ல இருந்து 48.1-க்கு இறங்குச்சு. விளம்பரத்துல "மூணு வயசு குறையும்"னு வர்றது இந்த எண்தான்.

இன்னொண்ணு, ஜாலைனுக்காக ரப்பர் உருண்டையைக் கடிக்கிற பழக்கம். அதுல வேலை செய்றது மாசெட்டர், அதாவது தாடையின் ஓரத்துல இருக்கிற மெல்லும் தசை. பல்லைக் கடிச்சுக்கிட்டு உட்கார்ந்தா காதுக்குக் கீழே கையில தட்டுப்படும். அது தடிச்சா கீழ்முகம் அகலமாகி சதுரமாத்தான் தெரியும். அதைச் சின்னதாக்கவே சிலர் போட்டாக்ஸ் ஊசி போட்டுக்கிறாங்க. காசு கொடுத்து உருண்டை வாங்கி வச்சிருக்கிறவங்க, வாயைத் திறக்கும்போது காதுப் பக்கம் 'க்ளிக்'னு சத்தமோ வலியோ வந்தா நிறுத்திட்டுப் பல் மருத்துவரைப் பாருங்க.