12 சதவீதமா, 14 சதவீதமா?



அம்பாசமுத்திரத்தில் என் மாணவி ஒருத்தி, அப்பாவின் பைக் கடன் அட்டையை வகுப்புக்குக் கொண்டுவந்தாள். கடன் ரூ.60,000. ஓராண்டுக்கு 12 சதவீத ஃபிளாட் வட்டி, மாதத் தவணை ரூ.5,600. "பேங்க்ல 14 சதவீதம் கேட்டாங்க சார். அதான் அப்பா இங்க வாங்குனாங்க" என்றாள்.

கரும்பலகையில் கணக்கிட்டோம். ஃபிளாட் முறையில் ஆண்டு முழுவதும் 60,000-க்கே வட்டி, அதாவது ரூ.7,200. ஆனால் அசல் மாதம் 5,000 வீதம் குறைகிறது. கடைசி மாதம் பாக்கி 5,000 மட்டுமே. 60,000-க்கும் 5,000-க்கும் சராசரி 32,500. அதற்கு 7,200 என்பது ஏறத்தாழ 22 சதவீதம்! கணினியில் `=RATE(12,-5600,60000)*12` என்று இட்டால் துல்லியமாக 21.5 சதவீதம் வரும்.

வங்கியின் 14 சதவீதம், மீதமுள்ள பாக்கிக்கு மட்டுமே. அங்கே தவணை ரூ.5,387, மொத்த வட்டி சுமார் ரூ.4,650. அப்பா இழந்தது ரூ.2,550.

2024 அக்டோபர் முதல், புதிய தனிநபர் கடன்களுக்கான முக்கிய விவர அறிக்கையில், கட்டணங்களும் சேர்ந்த ஆண்டு சதவீத விகிதத்தைக் குறிப்பிட வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. கையெழுத்திடும் முன் அந்த எண்ணை ஒப்பிடும்படி பெற்றோரிடம் சொல்லுங்கள்.