மாணவர் பேருந்துச் சலுகை அட்டை: விண்ணப்பமும் கல்வி நிலையச் சான்றும்

தமிழ்நாட்டில் அரசுப் போக்குவரத்துக் கழகம் மாணவர்களுக்குத் தரும் பேருந்துச் சலுகை எல்லோருக்கும் ஒரே அளவானதல்ல. பள்ளி மாணவர்களும், அரசுக் கலைக் கல்லூரி, அரசு பாலிடெக்னிக், அரசு ஐ.டி.ஐ. போன்றவற்றில் படிப்பவர்களும் கட்டணமின்றிப் பயணம் செய்யலாம். தனியார் கல்லூரி மாணவர்களுக்குக் கட்டணத்தில் பாதி சலுகை. ஆகவே விண்ணப்பத்தில் கழகம் முதலில் பார்ப்பது, மாணவர் எங்கே படிக்கிறார் என்பதையே. அதைச் சொல்லும் தாள்தான் கல்வி நிலையச் சான்று. கல்லூரிகளில் இதை போனஃபைட் என்பார்கள்.

இந்தச் சான்றில் மாணவரின் பெயர், வகுப்பு அல்லது பாடப்பிரிவு, பதிவு எண், எந்தக் கல்வியாண்டு, முழுநேர மாணவரா ஆகிய விவரங்கள் தெளிவாக இருக்க வேண்டும். விடுதியில் தங்காமல் வீட்டிலிருந்து வந்து போகிறவர் என்ற வரியும் இருந்தால் நல்லது. வீட்டுக்கும் கல்வி நிலையத்துக்கும் இடையே தினமும் போய்வருவதற்குத்தானே இந்தச் சலுகை! தலைமையாசிரியரோ முதல்வரோ கையெழுத்திட்டு அலுவலக முத்திரை வைக்க வேண்டும். விண்ணப்பத்தில் ஒட்டிய புகைப்படத்தின் மீது பாதியும் தாளின் மீது பாதியுமாக முத்திரை விழுந்தால், பின்னால் படத்தை மாற்றி ஒட்டினாலும் கண்டுபிடித்துவிடலாம். முத்திரை முழுவதும் தாளில் மட்டும் விழுந்த விண்ணப்பத்தைக் கிளை அலுவலகத்தில் சந்தேகத்தோடுதான் பார்ப்பார்கள்.

விண்ணப்பத்தை எழுதும்போது பலரும் தவறுவது இன்னோர் இடத்தில். முகவரி ஒன்று, பேருந்து ஏறும் நிறுத்தம் வேறொன்று. கட்டணம் ஸ்டேஜ் கணக்கில் போடப்படுவதால், அட்டையும் ஒரு ஸ்டேஜிலிருந்து இன்னொரு ஸ்டேஜ் வரை என்றுதான் எழுதப்படும். வீடு இருக்கும் தெருவின் பெயரோ, கல்லூரியின் பெயரோ ஸ்டேஜ் பட்டியலில் இல்லாமல் போகலாம். அப்படி எழுதிய விண்ணப்பம் திரும்பி வரும். அல்லது, அதைவிடச் சிரமமாக, தவறான ஸ்டேஜுடன் அட்டை வந்து சேரும்.

எடுத்துக்காட்டாக, மேலூருக்கு அருகே ஒரு சிற்றூரில் வசிக்கும் மாணவர் திருப்பரங்குன்றம் பக்கமுள்ள ஒரு கல்லூரியில் சேர்ந்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் ஊரிலிருந்து மேலூர் வருகிறார். மேலூரில் மாறி மாட்டுத்தாவணி போகிறார். அங்கே மறுபடியும் டவுன் பஸ் பிடித்துத் திருப்பரங்குன்றம் போகிறார். மூன்று பேருந்துகள். விண்ணப்பத்தில் "மேலூர் முதல் மதுரை வரை" என்று மட்டும் எழுதினால், காலையில் முதல் பேருந்துக்கும் கடைசிப் பேருந்துக்கும் அட்டை உதவாது. ஏறும் இடம், மாறும் இடங்கள், இறங்கும் இடம் என நான்கையும் வரிசையாகக் குறிப்பிட வேண்டும். ஊர்ப் பேருந்தின் நடத்துனரைக் கேட்டால், அந்த நிறுத்தம் எந்த ஸ்டேஜில் வருகிறது என்பதை உடனே சொல்லிவிடுவார். விண்ணப்பத்தை நிரப்பும் முன் செய்ய வேண்டிய முதல் வேலை இதுதான்.

பள்ளிகளில் இந்த வேலையைப் பெரும்பாலும் அலுவலகமே செய்கிறது. மாணவர்களின் விவரங்களைத் தொகுத்து, தலைமையாசிரியர் சான்றளித்த பட்டியலாகக் கழகத்தின் கிளைக்கு அனுப்புவார்கள். அட்டைகள் பள்ளிக்கே வந்து சேரும். பட்டியலில் பெயரின் எழுத்து ஒன்று மாறினாலும் அட்டையில் அதுவே அச்சாகும். பட்டியல் போவதற்கு முன் பெற்றோர் ஒருமுறை அதைப் பார்த்துவிடுவது பிற்பாடு பல அலைச்சல்களைத் தவிர்க்கும்.

அட்டை கைக்கு வந்ததும் பெயர், புகைப்படம், ஸ்டேஜ்கள், செல்லுபடியாகும் நாள் ஆகியவற்றை அங்கேயே சரிபார்க்க வேண்டும். நடத்துனரும் டிக்கெட் பரிசோதகரும் பார்ப்பது இவற்றைத்தான். அட்டையில் இல்லாத வழித்தடத்தில் ஏறினால் மாணவர் சாதாரணப் பயணியாகவே கருதப்படுவார். டிக்கெட் வாங்காவிட்டால் அபராதம் கட்ட நேரும். சொகுசு, குளிர்சாதனப் பேருந்துகளுக்கும் இந்தச் சலுகை பொருந்தாது. சாதாரணக் கட்டண டவுன் பஸ்களில் பெண்கள் 2021 மே மாதம் முதல் கட்டணமின்றிப் பயணம் செய்வதால், மாணவியருக்கு அந்தப் பேருந்துகளில் அட்டை தேவைப்படுவதில்லை. அவர்களுடைய வழியில் புறநகர்ப் பேருந்து வரும்போதுதான் அட்டை முக்கியமாகிறது. எனவே அவர்களும் அந்தப் பகுதியை விடாமல் எழுத வேண்டும்.

சான்று ஒரு கல்வியாண்டுக்குத்தான். வகுப்பு மாறினால், கல்லூரி மாறினால், வீடு மாறினால் பழைய அட்டையைக் கொண்டு தொடர முடியாது. புதிய சான்றுடன் மீண்டும் விண்ணப்பிக்க வேண்டும். ஜூன் மாதத்தில் பள்ளி திறந்து புதிய அட்டை வரும்வரை, சீருடை அணிந்தோ பழைய அட்டையைக் காட்டியோ மாணவர்கள் பயணம் செய்ய அனுமதிப்பதாக அந்தந்த ஆண்டு அறிவிப்பு வெளியாவது வழக்கம். அறிவிப்பு எந்த நாள் வரை செல்லும் என்பதைக் கவனித்து, அதற்குள் புதிய அட்டையைப் பெற்றுக்கொள்ள வேண்டும்.