சுத்தியலா, குடுவையா? கையுறையில் உள்ள அடையாளத்தைப் படிப்போம்

(புல்லுக்கு மருந்தடிக்கும் தொழிலாளர்களுக்காக நடந்த டிவிஷன் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



இந்த மேசையில் இரண்டு சோடி கையுறைகள் வைத்திருக்கிறேன். முதலாவது, ஒரு தோட்டத்தில் மருந்தடிப்பவர்களுக்குக் கொடுக்கப்பட்ட வகை. வெள்ளை நூலில் பின்னியது. உள்ளங்கையில் மட்டும் நீல ரப்பர் பூசியிருக்கிறது. இரண்டாவது, முழுக்கப் பச்சை நிறம், முழங்கை வரை நீளம். “நாங்கள் கிளவுஸ் கொடுத்துவிட்டோம்” என்று நிர்வாகம் சொன்னால், அது முதலாவது வகையா, இரண்டாவது வகையா என்று கேட்க வேண்டும். பதில் கையுறையிலேயே அச்சிட்டிருக்கிறது. அதைப் படிக்கத்தான் இன்று பழகப்போகிறோம்.

முதல் கையுறையின் பின்பக்கத்தைப் பாருங்கள். ஒரு சிறிய கேடயம், அதற்குள் ஒரு சுத்தியல். மேலே EN 388 என்று இருக்கிறது. கீழே 4121X. இது ஐரோப்பிய நியமத்தின் அடையாளம். முதல் எண் உராய்வைத் தாங்குவதைக் காட்டும். அதில் உச்சம் 4, இதற்கு 4 கிடைத்திருக்கிறது. இரண்டாவது எண் கத்தி வெட்டு. உச்சம் 5, இதற்கு 1 மட்டும். மூன்றாவது கிழிதல், நான்காவது குத்துதல். இரண்டுக்கும் உச்சம் 4, இதற்கு 2, 1. கடைசியில் உள்ள X, இன்னொரு வகை வெட்டுச் சோதனை இதற்குச் செய்யப்படவில்லை என்று சொல்கிறது. அதாவது கல் தூக்கவும் விறகு அடுக்கவும் இது நல்ல கையுறை. சுத்தியல் அடையாளத்தில் மருந்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

இதைப் போட்டுக்கொண்டு மருந்தடித்தால் என்ன நடக்கும்? டேங்கியின் மூடியிலும் குழாயின் பிடியிலும் மருந்து கசியும். அது புறங்கையில் வழியும். அங்கே ரப்பர் இல்லை, நூல்தான். நூல் மருந்தைக் குடித்து, வேலை முடியும் வரை தோலோடு சேர்த்து வைத்திருக்கும். வெறுங்கையில் பட்டால் உடனே பீலிக்கரையில் கழுவுவோம். கையுறை போட்டிருந்தால் கை பத்திரமாக இருக்கிறது என்று நினைத்துக் கழுவாமல் விட்டுவிடுவோம். அதனால் மருந்தடிப்பவருக்கு இந்தக் கையுறை வெறுங்கையைவிட மோசம்.

இப்போது பச்சைக் கையுறையைப் பாருங்கள். இதில் பள்ளிக்கூட ஆய்வுகூடத்தில் இருக்கும் குடுவையின் படம். அதனுடன் EN ISO 374-1, Type A என்றும், குடுவைக்குக் கீழே AJKOPT என்றும் இருக்கிறது. ஒவ்வொரு எழுத்தும் சோதனையில் ஊற்றிப் பார்த்த ஓர் இரசாயனம். Type A என்றால் குறைந்தது ஆறு இரசாயனங்களை, ஒவ்வொன்றையும் 30 நிமிடமாவது ஊடுருவவிடாமல் தடுத்தது. Type B என்றால் மூன்று இரசாயனங்கள், அதே 30 நிமிடம். Type C என்றால் ஒரே ஒரு இரசாயனம், 10 நிமிடம். இரசாயனக் கையுறையில் CE என்ற எழுத்துகளுக்குப் பக்கத்தில் நான்கு இலக்க எண்ணும் இருக்க வேண்டும். CE மட்டும் இருந்து எண் இல்லாவிட்டால் அது இரசாயன வேலைக்கான தரம் அல்ல.

எழுத்துகளில் J-ஐ நினைவில் வையுங்கள். அது பெற்றோலிலிருந்து வரும் எண்ணெய் வகைக் கரைப்பான். போத்தல் லேபலில் EC என்று இருக்கும் மருந்துகளில் பெரும்பாலும் இந்த வகை எண்ணெய்தான் கலந்திருக்கும். தண்ணீரில் ஊற்றினால் அவை பாலைப் போல வெளுக்கும். SL என்று இருப்பவை தண்ணீரில் தெளிவாகக் கரைபவை. EC மருந்து கலக்கும் கைக்கு J எழுத்துள்ள கையுறை வேண்டும்.

பூச்சிமருந்து, களைமருந்து வேலைக்கென்றே இன்னொரு நியமமும் உண்டு: ISO 18889. அதில் G2 என்று இருந்தால் போத்தலில் உள்ள கெட்டி மருந்துக்கும் கலந்த மருந்துக்கும் ஆகும். G1 கலந்த மருந்துக்கு மட்டும். GR என்பது மருந்தடித்த மலைக்குப் பிறகு போய் வேலை செய்பவர்களுக்கானது. அது உள்ளங்கைப் பக்கத்தை மட்டும் காக்கும். அதைப் போட்டுக்கொண்டு மருந்து கலக்கக் கூடாது.

அச்சு அழிந்து போனால்? பொருளை வைத்துப் பார்க்கலாம். பச்சை, நீலம் என்று நிறத்தை நம்ப வேண்டாம்; எந்த ரப்பருக்கும் எந்த நிறமும் போடலாம். கழித்துப்போட்ட, சுத்தமாகக் கழுவிய கையுறையிலிருந்து ஒரு துண்டு வெட்டி, கொஞ்சம் மண்ணெண்ணெயில் போட்டு வையுங்கள். பால் ரப்பர் என்றால் சிறிது நேரத்தில் உப்பிச் சுருண்டு நொய்ந்துவிடும். நைட்ரைல் என்ற செயற்கை ரப்பர் என்றால் பெரிதாக மாறாது. மருந்து வேலைக்கு வேண்டியது நைட்ரைல். ஆனால் இந்தச் சோதனை ரப்பரின் வகையைத்தான் காட்டும். தடிப்பு போதுமா, நுண்துளை இருக்கிறதா என்று காட்டாது.

துளையை நீங்களே தினமும் காலையில் பார்க்கலாம். கையுறையின் வாயைச் சுருட்டிக் காற்றை அடைத்து, தண்ணீரில் அமுக்குங்கள். குமிழி வந்தால் அது குப்பைக்கு. உப்பியிருந்தாலும், பிசுபிசுத்தாலும், வெடித்திருந்தாலும் அப்படித்தான். உள்ளே துணி ஒட்டிய கையுறையும் வேண்டாம். ஒருமுறை மருந்து உள்ளே போனால் துணியிலிருந்து அதைக் கழுவி எடுக்க முடியாது. வேலை முடிந்ததும் கையுறையோடு கையைக் கழுவிவிட்டு, பிறகுதான் கழற்ற வேண்டும்.

இனி கண்ணாடி. சட்டத்தில் EN 166 அல்லது 166 என்ற எண்ணைத் தேடுங்கள். அதோடு 3 என்று இருந்தால் துளியும் தெறிப்பும் உள்ளே போகாது என்று சோதித்தது. மருந்து கலப்பவருக்கு அந்த 3 வேண்டும். F, B என்ற எழுத்துகள் வேகமாக வந்து மோதும் துண்டுகளைத் தாங்குவதற்கானவை. B கூடுதல் பலம். புல்வெட்டும் இயந்திரம் பிடிப்பவருக்கு அவை வேண்டும். வெயில் கண்ணாடியைப் போலப் பக்கங்கள் திறந்த கண்ணாடியில் F இருந்தாலும், அது மருந்துத் தெறிப்பைத் தடுக்காது.

சப்பாத்து விஷயம் சுருக்கமானது. தோல் சப்பாத்து மருந்தைக் குடிக்கும். எவ்வளவு தரமான இரும்பு முனை இருந்தாலும் மருந்தடிக்க ஆகாது. முழுக்க ரப்பரோ பிளாஸ்டிக்கோ ஆன பாதுகாப்பு பூட்ஸில் EN ISO 20345 என்ற எண்ணுடன் S4 அல்லது S5 என்று இருக்கும். S5 என்றால் ஆணி குத்தாத அடித்தகடும் உண்டு. காற்சட்டையை பூட்ஸுக்கு வெளியே விடுங்கள். உள்ளே சொருகினால் வழிகிற மருந்து நேரே பாதத்துக்குப் போகும்.

தலைவர்மாருக்கு ஒரு வேலை. அடுத்த முறை நிர்வாகத்துக்கு எழுதும்போது “கையுறை தரவும்” என்று மட்டும் எழுதாதீர்கள். இப்படி எழுதுங்கள்: “மருந்து கலப்பவர்களுக்கும் அடிப்பவர்களுக்கும் உள்ளே துணியில்லாத, நீளமான நைட்ரைல் கையுறை. அதில் ISO 18889 G2 அடையாளம், அல்லது குடுவை அடையாளத்துடன் EN ISO 374-1 Type A அல்லது Type B, எழுத்துகளில் J இருக்க வேண்டும். ஒவ்வொருவருக்கும் அவர் கை அளவில் ஒரு சோடி. பழுதானால் அன்றே மாற்றுச் சோடி.” பொருள் ஸ்டோருக்கு வந்ததும் பொதியைத் திறந்து அச்சைப் பாருங்கள். சுத்தியல் மட்டும் இருந்தால், கையெழுத்துப் போடாமல் கடிதத்தின் பிரதியோடு திருப்பிக் கொடுங்கள். சரியான கையுறை வரும்வரை மருந்து டேங்கியைத் தோளில் ஏற்ற வேண்டாம் என்பதையும் அதே கடிதத்தில் கேட்டு எழுதுங்கள்.

இரண்டு சோடியும் மேசையிலேயே இருக்கட்டும். ஒவ்வொருவராக வந்து எடுத்து, அடையாளத்தைப் படித்துப் பாருங்கள்.