ஹோல்டரோடு வயரையும் பாருங்கள்

எங்கள் ஹால் சீலிங் விளக்கு விட்டுவிட்டு எரிந்தது. ஹோல்டரில் விரிசல். சுவிட்சை மட்டும் அணைத்தால் போதாது. சில வீடுகளில் அதை நியூட்ரலில் கொடுத்திருப்பார்கள், ஹோல்டரில் கரண்ட் இருந்துகொண்டே இருக்கும். அதனால் மெயினையே அணைத்து, டெஸ்டரும் வைத்துப் பார்த்தேன்.

ஹோல்டரைக் கழற்றி வயரை லேசாக வளைத்தேன். மேல்தோல் அப்பளமாக நொறுங்கியது! வருடக்கணக்கில் நூறு வாட் குண்டு பல்பு எரிந்த சூடு. இதற்கு டேப் சுற்றுவது ஒப்பேற்றும் வேலை. வளைத்தாலும் வெடிக்காத இடம் வரும்வரை வெட்டினேன். இரண்டு அங்குலம் போயிற்று. மிச்ச நீளம் போதுமாக இருந்தது. இல்லாவிட்டால் எலக்ட்ரீஷியன் வந்து புது வயர் இழுத்திருக்க வேண்டும். நுனியில் தோல் சீவி, செம்பு வெளியே தெரியாதபடி புது ஹோல்டரில் முடுக்கினேன். இழுத்துப் பார்த்தேன், அசையவில்லை.