சப்பாத்துக் கயிறு முறையில் நிலம் அளத்தல்

பிள்ளைகளும் பக்கத்தில் இருந்தால் தாளும் பென்சிலும் எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

கரங்கான் பக்கம் நாற்கோண நிலத்தை அளக்கும்போது எதிரெதிர்ப் பக்கங்களைக் கூட்டிப் பாதியாக்கி, அந்த இரண்டையும் பெருக்கிவிடுகிறோம். மூலைகள் சதுரமாக இல்லாவிட்டால் இந்தக் கணக்கு உள்ளதைவிடக் கூடுதலாகவே காட்டும். வாங்குகிறவருக்குத்தான் நட்டம்.

நில அளவைப் படத்தில் ஒவ்வொரு எல்லைக் கல்லுக்கும் கிழக்கு, வடக்கு என இரண்டு தூரங்கள் உண்டு. உருண்டையான பூமியைத் தட்டையாக விரித்து, ஒரு தொடக்கப் புள்ளியிலிருந்து மீட்டரில் கணக்கிட்ட தூரங்கள் அவை. கெடாவின் காசினி முறைப் படங்களுக்கு அந்தப் புள்ளி குனோங் பேராக் மலை. எண்கள் பெரியவையாக இருந்தால் முதல் கல்லின் எண்களை எல்லாவற்றிலும் கழித்துவிடலாம், பரப்பு மாறாது.

அப்படிக் கழித்தபின் நான்கு கற்கள் இப்படி இருப்பதாக வைத்துக்கொள்வோம். முதல் எண் கிழக்கு, அடுத்தது வடக்கு. வேலியோரம் நடந்துபோகும் வரிசையிலேயே ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி, முதல் கல்லைக் கடைசியில் மறுபடியும் எழுத வேண்டும்.

0, 0
60, 10
50, 50
10, 40
0, 0

இனி சப்பாத்துக் கயிறு கோப்பதுபோல் குறுக்காகப் பெருக்குவோம். கிழக்கு எண்ணை அடுத்த வரியின் வடக்கு எண்ணால் பெருக்கினால் 0, 3000, 2000, 0, கூட்டினால் 5000. வடக்கு எண்ணை அடுத்த வரியின் கிழக்கு எண்ணால் பெருக்கினால் 0, 500, 500, 0, கூட்டினால் 1000. வித்தியாசம் 4000. அதில் பாதி 2000 சதுர மீட்டர். ஒரு ரெலுங் ஏறக்குறைய 2877 சதுர மீட்டர். ஆகவே இது முக்கால் ரெலுங்குக்கும் சற்றுக் குறைவு. பழைய பக்கக் கணக்கு இதே நிலத்துக்கு ஏறக்குறைய 2100 காட்டும்.

எதிர்த்திசையில் எழுதினால் விடை கழித்தல் குறியோடு வரும், குறியை விட்டுவிடலாம். ஆனால் வரிசை தவறக்கூடாது. இரண்டாம் கல்லையும் மூன்றாம் கல்லையும் மாற்றி எழுதிப் பாருங்கள், விடை வெறும் 100! கோடுகள் ஒன்றையொன்று வெட்டி, ஒரு பக்கப் பரப்பு மறுபக்கத்தைத் தின்றுவிடுகிறது. முதலில் கற்களைத் தாளில் குறித்து வரைந்தால் இது கண்ணுக்கே தெரிந்துவிடும்.

கைப்பேசி காட்டும் 5, 100 என்று தொடங்கும் எண்களை இதில் போடாதீர்கள். அவை பாகைகள், மீட்டர் அல்ல. மீட்டராக மாற்றினாலும் கைப்பேசி மூன்று, நான்கு மீட்டர் தவறுவது வழக்கம். நாற்பது மீட்டர் நீளமுள்ள ஒரு பக்கம் மூன்று மீட்டர் நகர்ந்தாலே 120 சதுர மீட்டர் போய்விடும். தோராயம் பார்க்க அது போதும். விலை பேசும்போது அளவைப் படத்தின் எண்களையே கேட்டு வாங்கிக் கணக்குப் போடுங்கள்.